திம்பம் ஏறாத டாங்கிள்

சத்தியமங்கலம் கடைவீதியில் எனக்குத் தெரிந்த ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை உண்டு. பிளவுஸ் கழுத்து, கை, சேலை முந்தி என்று இரண்டு மெஷின்கள் ஓடுகின்றன. மெஷின் எந்த இடத்தில் எந்த நிற நூலைக் குத்த வேண்டும் என்று கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கிற வேலைக்குத் தொழிலில் 'பஞ்சிங்' என்று பெயர். அதைச் செய்துகொண்டிருந்த பெண் கல்யாணமாகித் தாளவாடிக்குப் போய்விட்டார். லேப்டாப் இருக்கிறது, அதில் பஞ்சிங் சாஃப்ட்வேரும் ஏற்றியிருக்கிறது, இன்டர்நெட்டும் வருகிறது. ஆனாலும் சாஃப்ட்வேர் திறக்காது. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு டாங்கிள் யுஎஸ்பி ஓட்டையில் சொருகியிருந்தால்தான் திறக்கும். அது கடையில் இருக்கிறது.

"அண்ணா, நைட்டு உட்கார்ந்தா முடிச்சுப்போடுவேனுங்க, டாங்கிள மட்டும் யார்கிட்டயாவது குடுத்து உடுங்க" என்பார் அவர். "பகல்ல எனக்கு வேணுமே அம்மிணி" என்பார் கடைக்காரர். நடுவில் திம்பம் மலைப்பாதை, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை என்பதால் 2022 பிப்ரவரியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வேறு. பகலில் போனாலும் காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காகக் காத்திருக்கும் யானைக்கு வழிவிட்டுத்தான் போக வேண்டும்.

டாங்கிளை மலை ஏற்றாமலே தாளவாடி லேப்டாப்பில் சொருகியது போல ஆக்க முடியும். லேப்டாப் அதை நம்பும், சாஃப்ட்வேரும் நம்பும். எப்படி நம்புகிறது என்று பார்த்தால், முதலில் நடக்கவே முடியாத காரியம் போலத்தான் தோன்றும்.

யுஎஸ்பி பொறுமை இல்லாத வயர். அதில் சொருகிய பொருள் தானாக வாய் திறக்காது. கம்ப்யூட்டர் கேட்டால்தான் பதில் சொல்லும். மவுஸை நகர்த்தினால் மவுஸ் உடனே கூவுவதில்லை. கம்ப்யூட்டர் விநாடிக்கு நூறு முறைக்கும் மேல் "ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. மவுஸ் "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்து, நகர்ந்தபோது மட்டும் "இருக்கிறது" என்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர வயரின் விதி தருகிற அவகாசம் ஏறக்குறைய ஒன்றரை மைக்ரோ விநாடி. அதாவது ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒன்றரைப் பங்கு. அதற்குள் பதில் தொடங்காவிட்டால் பொருள் இல்லை என்று கணக்கு. யுஎஸ்பி வயர் ஐந்து மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டின் பின்னாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

கண்ணாடி இழையில் ஒளி ஒரு மைக்ரோ விநாடிக்குச் சுமார் இருநூறு மீட்டர் போகும். ஒன்றரை மைக்ரோ விநாடியில் போய்த் திரும்ப வேண்டுமென்றால் எட்டக்கூடிய தூரம் நூற்றைம்பது மீட்டர்தான். நடுவில் இருக்கும் எந்தப் பெட்டியும் ஒரு கணம்கூட யோசிக்காமல் கடத்திவிட்டால் இந்தக் கணக்கு. இன்டர்நெட்டில் ஒரு தகவல் சத்தியிலிருந்து நேராகத் தாளவாடிக்கு ஏறுவதும் இல்லை. கோவைக்கோ சென்னைக்கோ போய்த் திரும்பித்தான் மலை ஏறும். போய்வர நாற்பது மில்லி விநாடி ஆனால் நல்ல இணைப்பு என்று சொல்லலாம். அந்த நல்ல இணைப்பே, வயர் பொறுத்துக்கொள்ளும் நேரத்தைப் போல இருபத்தையாயிரம் மடங்குக்கு மேல்.

ஆகவே வயரை இழுத்து நீட்டுவது என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். கேள்வி, வயரை எந்த இடத்தில் வெட்டுவது என்பது.

தோட்டத்தில் கிணற்று மோட்டார் ஓடுகிறது, சொந்தக்காரர் ஊருக்குள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு தரம் தோட்டத்துக்கு ஓடிப்போய் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துத் திரும்பினால் ஒரு நாள்கூடத் தாங்காது. தோட்டத்து ஆளிடம் "மோட்டார் நின்னா ஒரு போன் போடு" என்று சொல்லிவிட்டால் போதும். பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை அங்கேயே நடக்கும். ஊருக்கு வருவது ஒரே ஒரு போன்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இந்த இரண்டு அடுக்குகளும் உண்டு. மேலே டிரைவர் இருக்கிறது. அது "இந்தப் பொருளுக்கு இந்தத் தகவலை அனுப்பு, பதில் வந்தால் என்னிடம் கொடு" என்று ஒரு வேலைச் சீட்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கும். கீழே ஹோஸ்ட் கன்ட்ரோலர் என்ற சில்லு. சீட்டை எடுத்துக்கொண்டு வயரில் கேட்டுக் கேட்டு, தவறினால் திரும்பக் கேட்டு, முடிந்ததும் சீட்டைத் திருப்பிக் கொடுக்கும். மைக்ரோ விநாடி அவசரமெல்லாம் கீழே இருப்பவருக்குத்தான். மேலே இருப்பவர் பல சமயம் ஓரிரு விநாடிகூட அமைதியாக இருப்பார். வெட்ட வேண்டிய இடம் இந்த இருவருக்கும் நடுவில்.

இதைச் சுத்தமாகச் செய்து காட்டியவர் ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த தகாஹிரோ ஹிரோஃபுச்சி. 2005-இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரையில் இதன் பெயர் யுஎஸ்பி-ஐபி. சில ஆண்டுகள் சோதனைப் பகுதியில் கிடந்து, 2014-இல் வந்த 3.17 பதிப்பில் லினக்ஸ் கெர்னலின் முறையான பாகமாகிவிட்டது. இன்று சின்ன ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரில்கூட இது காசில்லாமல் கிடைக்கிறது.

கடையில் செய்தது இதுதான். டாங்கிளைக் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, ஒரு ராஸ்பெர்ரி பையில் சொருகி, பையை ரூட்டரோடு இணைத்து, ரூட்டரின் பேட்டரி பேக்கப்பிலேயே மின்சாரமும் கொடுத்தாயிற்று. பிறகு பையில் இந்த வரிகள்:

```
sudo apt install usbip
sudo modprobe usbip-host
sudo usbipd -D
usbip list -l
```

கடைசி வரி, சொருகியிருப்பவற்றைக் காட்டும். டாங்கிள் இப்படித் தெரிந்தது:

```
- busid 1-1.3 (0529:0001)
  Aladdin Knowledge Systems : HASP copy protection dongle
```

`1-1.3` என்பது அது சொருகியிருக்கும் ஓட்டையின் முகவரி. வேறு ஓட்டைக்கு மாற்றினால் எண்ணும் மாறும். `0529:0001` டாங்கிளின் சொந்த அடையாளம். எங்கே போனாலும் மாறாது. முகவரியைச் சொல்லி, இதை இரவலுக்கு வை என்கிறோம்:

```
sudo usbip bind -b 1-1.3
```

தாளவாடி லேப்டாப் விண்டோஸ். அதற்கென்று தனியாகக் கிடைக்கும் இலவச கிளையன்ட் ஒன்றை ஏற்றியபின், அங்கே ஒரே வரி:

```
usbip attach -r 10.8.0.2 -b 1-1.3
```

டொய்ங் என்று விண்டோஸ் சத்தம் கொடுத்தது, யாரோ கையால் சொருகியது போல. அந்த லேப்டாப்பில் நாம் ஏற்றியது ஒரு பொய் ஹோஸ்ட் கன்ட்ரோலர். அப்படி ஒரு சில்லே கிடையாது. சில்லு போல நடிக்கும் நிரல். அதில் புதிதாக ஒரு பொருள் வந்திருப்பதாகத் தெரிந்ததும், விண்டோஸ் எல்லாப் புதுப் பொருளிடமும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்கிறது: நீ யார்? இந்தக் கேள்வி 48 பைட் நீளமுள்ள ஒரு சீட்டாக மடிந்து, இன்டர்நெட்டில் ஏறி, சத்திக் கடைக்கு வருகிறது. பை அதைப் பிரித்து, தன்னிடம் இருக்கும் உண்மையான கன்ட்ரோலரிடம் கொடுக்கிறது. அது வயரின் அவசரத்தோடு டாங்கிளைக் கேட்டுப் பதிலை வாங்குகிறது. அந்தப் பதில் 18 பைட். உற்பத்தியாளர் 0529, பொருள் 0001 என்பது அதற்குள் இருக்கிறது. அதற்கு 48 பைட் மேலுறை போட்டு, மொத்தம் 66 பைட்டாக மலைக்குத் திருப்பி அனுப்புகிறது பை. டாங்கிளைப் பொறுத்தவரை கேட்டவர் பக்கத்திலேயே இருக்கிறார். விண்டோஸைப் பொறுத்தவரை பதில் சொன்னவர் கொஞ்சம் மந்தமானவர், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த இடம் ஒன்று. இந்த வகை டாங்கிளில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு உண்டு. அதன் டிரைவர் வந்து பேசினால்தான் எரியும். பையில் அந்த டிரைவர் இல்லை, அதனால் சொருகியும் விளக்கு இருட்டாகவே இருந்தது. தாளவாடியில் அந்த ஒரு வரியைத் தட்டி முடித்த சற்று நேரத்தில், சத்தியில் கடைக்காரர் மேசைக்கு அடியில் விளக்கு எரிந்தது. டாங்கிள் உடம்பால் இங்கே, அதை ஓட்டுகிற டிரைவர் மலைக்கு மேலே.

சாஃப்ட்வேர் டாங்கிளிடம் என்ன பேசுகிறது? இங்கே ஒரு சந்தேகம் வரலாம். டாங்கிளுக்குள் இருக்கும் ரகசியத்தை ஒரு முறை படித்து லேப்டாப்பில் வைத்துக்கொண்டால் போதுமே, எதற்கு இந்த இரவல் ஏற்பாடெல்லாம்? ரகசியம் வெளியே வராதபடிதான் டாங்கிளைச் செய்கிறார்கள். சாஃப்ட்வேர் தோன்றியபடி ஒரு எண்ணை எடுத்துக் கொடுக்கும். டாங்கிள் தனக்குள் இருக்கும் சாவியால் அதைக் குழப்பித் திருப்பித் தரும். சரியான டாங்கிளாக இருந்தால் மட்டுமே வரக்கூடிய பதில் அது. அடுத்த முறை வேறு எண். திறக்கும்போது மட்டுமல்ல, வேலை நடுவிலும் திடீர் திடீரென்று கேட்கும். ஆக டாங்கிள் கூடவே இருந்தாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் பதிலும் சில பைட்டுகள்தான். தூரத்திலிருந்து ஓட்ட இதைவிட வசதியான பொருள் கிடையாது.

ஆனாலும் காத்திருப்பு உண்டு. திறப்பதற்குள் டாங்கிளோடு இருநூறு முறை கேள்வி-பதில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று முடிந்துதான் அடுத்தது. கடையில் நேராகச் சொருகியிருந்தால் எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நாற்பது மில்லி விநாடி இணைப்பில் எட்டு விநாடி. மழை நாளில் பைபர் போய், செல்போன் இணைப்பில் நூற்றைம்பது மில்லி விநாடி என்றால் அரை நிமிடம். இன்டர்நெட் வேகத்தை இரட்டிப்பாக்கும் திட்டத்துக்கு மாறினாலும் இந்த எட்டு விநாடி குறையாது, ஏனென்றால் குழாயின் அகலம் இங்கே பிரச்சினை இல்லை, குழாயின் நீளம்தான். `ping` போட்டு வரும் எண்ணைப் பார்த்தால் டாங்கிள் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

உள்ளே போனபின் டாங்கிள் அடிக்கடி குறுக்கிடுவதில்லை. டிசைன் வேலை முழுக்க லேப்டாப்பிலேயே நடக்கிறது. முடிந்த டிசைனை மெஷினுக்கான `.dst` கோப்பாகச் சேமித்தால், ஒரு தையலுக்கு மூன்று பைட். முப்பதாயிரம் தையல் கொண்ட பிளவுஸ் கழுத்து தொண்ணூறு கிலோபைட் அளவுதான். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்தைவிடச் சின்னது.

இதே உற்சாகத்தில் கடைக்காரர் ஒரு நாள், "ஸ்கேனரையும் இப்படியே குடுத்துரலாங்களா?" என்று கேட்டார். வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய துணி மாதிரியைத் தாளவாடியிலிருந்தே ஸ்கேன் பண்ணிக்கொள்ளட்டும் என்ற எண்ணம். முடியும், ஆனால் கூடாது. ஏ4 அளவில், முந்நூறு டிபிஐ, கலர் என்றால் ஏறக்குறைய 2480 புள்ளி அகலம், 3508 புள்ளி உயரம், புள்ளிக்கு மூன்று பைட்: மொத்தம் 26 மெகாபைட். கடையின் அப்லோடு பத்து எம்பிபிஎஸ் என்றால் அதுவே இருபத்தொரு விநாடி. அதோடு போனால் பரவாயில்லை. டிரைவர் இந்த 26 மெகாபைட்டையும் ஒரே சீட்டில் கேட்பதில்லை, சிறு சிறு சீட்டாகக் கேட்கிறது. சீட்டுக்கு 64 கிலோபைட் என்றால் நானூறு சீட்டு. ஒவ்வொன்றுக்கும் நாற்பது மில்லி விநாடி காத்திருந்தால் கூடுதலாகப் பதினாறு விநாடி. பழைய டிரைவர் நான்கு நான்கு கிலோபைட்டாகக் கேட்டால் ஆறாயிரத்துச் சொச்சம் சீட்டு, நான்கு நிமிடத்துக்கு மேல். அதே ஸ்கேனர், அதே இணைப்பு. டிரைவரின் கேட்கும் பழக்கம் மட்டும்தான் வேறு.

இது நடக்கிறதா என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஸ்கேனருக்குள் இருக்கும் தற்காலிக நினைவு சின்னது. தகவலை எடுத்துக்கொள்ள ஆள் வராவிட்டால் அது நிரம்பி வழியும் நிலைக்கு வரும். உடனே விளக்குத் தண்டு நின்று, கொஞ்சம் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போகும். ஒரே சீரான இரைச்சலுக்குப் பதில் டர்ர்ர், டக், டர்ர்ர் என்று விட்டு விட்டுக் கேட்டால் ஸ்கேனர் அடுத்த சீட்டுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். ஸ்கேனருக்கு வெட்ட வேண்டிய இடம் இன்னும் மேலே. ஸ்கேன் வேலை முழுவதும் கடையிலேயே முடிந்து, ஜேபெக் படமாகச் சுருங்கியபின் ஒரே கோப்பாகப் போகட்டும். பையிலேயே ஸ்கேனர் நிரலை ஓட்டி இதைச் செய்யலாம். அல்லது கடைப் பையனிடம் சொன்னால் அவனே செய்துவிடுவான். வெப்கேமரா இன்னும் மோசம். அது எட்டாயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கு ஒரு முறை நேரம் தவறாமல் தகவல் தள்ளும், தவறியதைத் திருப்பித் தராது. இணைப்பு சற்றுத் தடுமாறினாலே படம் கிழிந்துபோகும்.

இந்த ஏற்பாட்டுக்கு எல்லோரும் 'ஷேரிங்' என்றுதான் சொல்கிறார்கள். இரவல் என்பதுதான் சரி. ஒருவர் எடுத்துக்கொண்டால் இன்னொருவருக்குக் கிடையாது. கடைக் கம்ப்யூட்டரும் பகலில் பையிடம் `attach` போட்டு இரவல்தான் வாங்குகிறது. ஒரு டாங்கிளை இரண்டாக்கும் வித்தை இதில் இல்லை. அதே சமயம் தொலைவிலிருந்து பயன்படுத்தலாமா என்பதைத் தொழில்நுட்பம் தீர்மானிப்பதில்லை, சாஃப்ட்வேரின் லைசன்ஸ் ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. நாங்கள் விற்றவரிடம் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினோம். சில கம்பெனிகள் பலர் மாறி மாறிப் பயன்படுத்தவென்றே நெட்வொர்க் டாங்கிள் விற்கின்றன. அது கிடைத்தால், காசு கட்டுப்படியானால், அதுவே நல்லது.

இரவல் கொடுக்கவே கூடாத பொருள் ஒன்று நம் மேசை இழுப்பறைகளில் இருக்கிறது: ஜிஎஸ்டிக்கும் டெண்டருக்கும் கையெழுத்துப் போடுகிற டிஜிட்டல் கையொப்ப டோக்கன். டாங்கிள் போலவே இருக்கும், இதே வழியில் ஓடவும் செய்யும். ஆனால் அது சாஃப்ட்வேரின் சாவி அல்ல, ஒரு மனிதரின் கையெழுத்து. தன் ரகசியச் சாவி தன் கட்டுப்பாட்டிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது அந்த நபரின் கடமை என்று 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 42-ஆம் பிரிவில் சொல்கிறது. யுஎஸ்பி-ஐபியோ பூட்டில்லாத கதவு. அது வேலை செய்யும் 3240 என்ற போர்ட்டுக்குப் பாஸ்வேர்டு இல்லை, போகிற தகவலுக்கு மறைப்பும் இல்லை. வெளி உலகுக்குத் திறந்து வைத்தால் யார் வேண்டுமானாலும் `attach` போடலாம். தானே மறைத்துக்கொள்ளத் தெரியாத டோக்கனாக இருந்தால், தட்டுகிற பின் நம்பரையும் நடுவில் இருப்பவர் படித்துவிடலாம்.

டாங்கிளுக்கும் அந்தக் கதவு கவலைதான். அதனால் பையையும் லேப்டாப்பையும் வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கத்தால் இணைத்தோம். மேலே வந்த `10.8.0.2` சுரங்கத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. கடை, வீடு இரண்டு இணைப்புக்குமே சொந்தமாக வெளி முகவரி கிடையாது. பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. சுரங்கத்துக்கு நடுவில் சந்திக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்தோம். மொத்த ஏற்பாட்டில் அதிக நேரம் தின்றது இந்தப் பகுதி. டாங்கிள் பகுதி கால் மணி நேர வேலை.

பழுது இரண்டு வகையாக வந்தது. கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்து பை அணைந்து எழுந்தால், `bind` மறந்துபோயிருக்கும், அது நிரந்தரமானதல்ல. தொடங்கும்போதே அந்த வரிகளை ஓட்டும்படி செய்துவைத்தோம். இன்னொன்று கொஞ்சம் புதிர். தாளவாடியில் இணைப்பு பட்டென்று அறுந்தால், லேப்டாப்பைப் பொறுத்தவரை யாரோ டாங்கிளைப் பிடுங்கியாயிற்று. சாஃப்ட்வேர் டாங்கிள் இல்லை என்று பெட்டி காட்டி நின்றுவிடும். இணைப்பு திரும்பியதும் `attach` போட்டால் மறுக்கும். பைக்குச் செய்தி போய்ச் சேராததால், டாங்கிள் இன்னும் இரவலில் இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கும். தானாகத் தெளிய நெடுநேரம் ஆகலாம். `usbip list -r 10.8.0.2` என்று கேட்டு, பதிலில் டாங்கிள் இல்லை என்றால் இந்தக் கோளாறு என்று பிடித்துவிடலாம். பையில் ஒரு முறை `unbind`, ஒரு முறை `bind`. சரியாகிவிடும். அதைவிட, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் டிசைனைச் சேமிக்கும் பழக்கம் அந்தப் பெண்ணுக்கு இப்போது வந்திருக்கிறது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதைப் பழுது என்று சொல்வதா தெரியவில்லை. ராத்திரி ஒரு மணி வரை முகூர்த்த பிளவுஸ் டிசைன் போட்டுவிட்டு, லேப்டாப்பை அணைக்காமல் அப்படியே தூங்கிவிடுவார். காலை ஒன்பது மணிக்குக் கடைக்காரர் வந்து சாஃப்ட்வேரைத் திறந்தால் திறக்காது. மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். போனை எடுப்பார்.

"அம்மிணி, டாங்கிள உடு."

மலைக்கு மேலே அரைத் தூக்கத்தில் `usbip detach -p 1` என்று தட்டும்வரை அவர் விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்.